ஐ.சி.யு. வாசலில் சொல்ல வேண்டிய செய்தி: ஹவுஸ் சர்ஜன்களுக்கான நடிப்புப் பயிற்சி

நேரம்: ஒரு மணி. ஆட்கள்: மருத்துவர், செவிலியர், குடும்பத்தார் மூவர், கவனிப்பவர்கள் இருவர் அல்லது மூவர். ஒரு மேசை, ஐந்து நாற்காலி, தண்ணீர், டிஷ்யூ போதும்.

2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் ஏட்காம் வகுப்புகள் இருப்பதால் ஸ்பைக்ஸ் முறையின் ஆறு படிகளும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சூழலை அமைப்பது, அவர்கள் என்ன புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று கேட்பது, செய்தியைச் சொல்வது, உணர்வுக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன என்று திட்டமிடுவது. வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலானோர் 2000இல் புற்றுநோயாளிகளை மனத்தில் வைத்து எழுதிய முறை இது. நம் வார்டில் பெரும்பாலும் நோயாளி நினைவின்றிக் கிடப்பார். எதிரே நிற்பது குடும்பம். அதற்கு ஏற்றபடி இதை வளைத்துக்கொள்ள வேண்டும்.

நிலைமை (எல்லாரும் படிக்கலாம்)

முருகேசன், 52 வயது, பவானியில் ஜமக்காளம் நெய்பவர். நேற்று மாலை 7 மணிக்குத் தறியில் உட்கார்ந்திருந்தவர் தலைவலி என்று சொல்லிச் சரிந்துவிட்டார். 108இல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது மறுநாள் காலை 11 மணி. வென்டிலேட்டரில் இருக்கிறார். குடும்பத்தார் இரவு முழுக்க ஐ.சி.யு. வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதுவரை அவர்களிடம் சொல்லப்பட்டது ஒன்றுதான்: "24 மணி நேரம் போகட்டும், அப்புறம்தான் சொல்ல முடியும்."

மருத்துவருக்கான அட்டை (மற்றவர்கள் படிக்கக் கூடாது)

சி.டி.யில் இடது பேசல் கேங்லியாவில் 70 மில்லி அளவுக்கு ரத்தக் கசிவு, வென்ட்ரிக்கிளுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. ஜி.சி.எஸ். 3. மயக்க மருந்து எதுவும் ஓடவில்லை. இரண்டு கண்மணியும் விரிந்திருக்கின்றன, வெளிச்சத்துக்கு அசைவில்லை. தானாக எடுக்கும் மூச்சு விட்டு விட்டு வருகிறது. அறுவைச் சிகிச்சையால் பயனில்லை என்று நரம்பியல் அறுவை மருத்துவர் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். ஐ.சி.எச். ஸ்கோர் 4. அந்த ஸ்கோரை உருவாக்கிய 2001ஆம் ஆண்டு ஆய்வில் 4 பெற்றவர்களில் 97 சதவீதத்தினர் 30 நாளுக்குள் இறந்தார்கள்.

இந்த எண் உங்கள் தெளிவுக்கு. வெளியே எடுத்துப் போகாதீர்கள். "97 சதவீதம்" என்றால் குடும்பத்தின் காதில் விழுவது மீதி 3 சதவீதம் மட்டும்தான். அந்த மூன்றை நம்பி வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பார்கள். நீங்கள் சொல்ல வேண்டிய செய்தி ஒரே வரி: அவர் பிழைக்க மாட்டார், சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ இறந்துவிடுவார் என்று பயப்படுகிறோம். உங்கள் வாயிலிருந்து "இறந்துவிடுவார்" என்ற சொல் வர வேண்டும். "சீரியஸ்", "கிரிட்டிக்கல்", "கை மீறிப் போச்சு" எதுவும் அதற்கு ஈடாகாது.

உறுப்பு தானம் பற்றி இந்தச் சந்திப்பில் பேச்சே எடுக்கக் கூடாது. மூளைச்சாவு இன்னும் உறுதியாகவில்லை. இதயம் நின்றால் சி.பி.ஆர். செய்வதா என்பதும் முதுநிலை மருத்துவர் இருக்கும் இன்னொரு சந்திப்புக்கு உரியது.

குடும்பத்தாருக்கான அட்டைகள் (அவரவர் அட்டையை மட்டும் படிக்கவும்)

செல்வி, 46, மனைவி. மக்களைத் தேடி மருத்துவத்தில் கொடுத்த பிரஷர் மாத்திரை வீட்டில்தான் இருந்தது. அவர் மூன்று வாரமாகப் போடவில்லை. உங்களுக்குத் தெரியும்; சண்டை வேண்டாமென்று விட்டுவிட்டீர்கள். இதை யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவர் பேச இடம் கொடுத்தால் மட்டும் சொல்லுங்கள். அவசரமாகப் பேசி முடித்தால் கடைசி வரை சொல்லாதீர்கள்.

நித்யா, 22, மகள், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறீர்கள். நேற்றிரவே போனில் தேடிப் படித்துவிட்டீர்கள். பாதி புரிந்திருக்கிறது. நேராகக் கேள்வி கேளுங்கள்.

குமரேசன், 50, செல்வியின் அண்ணன். எப்படியாவது கோயம்புத்தூர் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆம்புலன்ஸ் பேசி வைத்திருக்கிறீர்கள். அரசு ஆஸ்பத்திரி என்பதால்தான் கைவிடுகிறார்கள் என்று உள்ளுக்குள் நினைக்கிறீர்கள். குரலை உயர்த்துங்கள். ஆனால் மருத்துவர் உங்கள் பேச்சை மதித்துக் கேட்டால் மெல்ல இறங்கி வாருங்கள்.

முதலில் நாற்காலி

பயிற்சி தொடங்குவது பேச்சில் அல்ல. செவிலியரும் மருத்துவரும் சேர்ந்து இடத்தை அமைக்க ஐந்து நிமிடம். வராந்தாவில் நின்றபடி, கேஸ் ஷீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினால் பயிற்சியை நிறுத்தி மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். தனி அறை இல்லையென்றால் டூட்டி அறை, அதுவும் இல்லையென்றால் ஒரு ஸ்கிரீன் போதும். எல்லாரும் உட்கார வேண்டும். போனைச் செவிலியரிடம் கொடுத்துவிடுங்கள். செவிலியர் கடைசி வரை உடனிருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த எட்டு மணி நேரம் அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லப்போகிறவர் அவர்தான்.

மாதிரி உரையாடல்

முதல் சுற்று நடித்து முடித்த பிறகே இதை வாசித்துக் காட்டவும். முன்பே படித்தால் எல்லாரும் இதையே ஒப்பிப்பார்கள்.

மருத்துவர்: உக்காருங்கம்மா. நான் டாக்டர் அருண், ராத்திரியிலிருந்து ஐ.சி.யு.வுல அவரைப் பாத்துக்கறேன். இவங்க சிஸ்டர். நீங்க ஒவ்வொருத்தரும் அவருக்கு என்ன உறவுங்க?

குமரேசன்: இது என் தங்கச்சி, அவரு சம்சாரம். இது புள்ள. நான் மச்சான்.

மருத்துவர்: வேற யாராவது கூட இருக்கணுமாங்கம்மா?

செல்வி: இல்லீங்க. எங்கண்ணன் இருக்கறாரு, போதும்.

மருத்துவர்: சரிங்கம்மா. அவருக்கு என்ன ஆச்சுன்னு இதுவரைக்கும் உங்களுக்கு என்ன சொல்லியிருக்காங்க?

செல்வி: மூளையில ரத்தக் கட்டுன்னாங்க. மருந்து போட்டா கரைஞ்சிரும்னு ஒருத்தர் சொன்னாருங்க.

மருத்துவர்: ஸ்கேன்ல என்ன இருக்கு, இப்ப எப்படி இருக்காருன்னு சொல்லத்தான் வந்திருக்கேன். முழுசா சொல்லட்டுங்களா? இல்ல, யாராவது ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லணுமா?

நித்யா: எல்லாருக்கும் சொல்லுங்க டாக்டர். அம்மாவும் கேக்கட்டும்.

மருத்துவர்: (செல்வியைப் பார்த்து) சொல்லலாங்களாம்மா?

(செல்வி தலையசைக்கிறார்.)

மருத்துவர்: நான் சொல்லப்போறது நல்ல செய்தி இல்லீங்கம்மா. மூளைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சு, ரொம்ப ரத்தம் கசிஞ்சிருக்கு. மூச்சு, நினைவு எல்லாத்தையும் பாத்துக்கற இடத்தை அது அழுத்திருச்சு. ஆபரேஷன் செஞ்சாலும் பலன் இருக்காதுன்னு மூளை ஆபரேஷன் டாக்டர் பாத்துட்டுச் சொல்லிட்டாரு. அவரு இனிப் பொழைக்க மாட்டாருங்கம்மா. இன்னிக்கோ நாளைக்கோ இறந்துருவாருன்னு நாங்க பயப்படறோம்.

(அமைதி. மருத்துவர் எதுவும் பேசவில்லை. செல்வி அழுகிறார். செவிலியர் நாற்காலியைப் பக்கத்தில் நகர்த்துகிறார்.)

குமரேசன்: என்னங்க இப்படிச் சொல்றீங்க! கை சூடா இருக்குது, நெஞ்சு ஏறி இறங்குது, நான் பாத்தேனே! கோயம்புத்தூர் கொண்டுபோனா பொழச்சுக்குவாரு. ஆம்புலன்ஸ் ரெடியா இருக்குது. இங்க வசதி இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க!

மருத்துவர்: உங்க மாப்பிள்ளைக்காக ராத்திரியெல்லாம் ஓடிட்டிருக்கீங்க. எதையும் விட்டுறக் கூடாதுன்னு நினைக்கறீங்க. புரியுதுங்க.

குமரேசன்: பின்ன? சும்மா உக்காந்திருக்கச் சொல்றீங்களா?

மருத்துவர்: இல்லீங்க. நெஞ்சு ஏறி இறங்கறதுக்குப் பெரும்பாலும் மெஷின்தான் காரணம். இந்த அளவு கசிவுக்கு எந்த ஊர்லயும் குணமாக்கற சிகிச்சை இல்லைங்க. போற வழியிலேயே உயிர் போயிரலாம், அப்ப இவங்க யாரும் பக்கத்துல இருக்க முடியாது. இருந்தாலும் உங்களுக்கு இன்னொரு டாக்டர்கிட்டக் கேக்கணும்னு இருந்தா, சி.டி. படத்தை எடுத்துத் தர்றேன். அங்க உள்ள டாக்டர்கிட்ட நானே போன்ல பேசறேன். கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

(குமரேசன் தலையைக் குனிந்துகொள்கிறார்.)

நித்யா: அப்பாவுக்கு வலிக்குமா?

மருத்துவர்: ஆழ்ந்த மயக்கத்துல இருக்காரும்மா. வலி தெரியற நிலையில இல்லைன்னுதான் நாங்க நினைக்கறோம். அப்படி ஏதாவது தெரிஞ்சா உடனே மருந்து குடுப்போம்.

(மறுபடி அமைதி.)

செல்வி: மாத்திர ஊட்லதான் இருந்துச்சுங்க… மூணு வாரமாப் போடல. நான் கட்டாயப்படுத்திக் குடுத்திருக்கோணும்.

மருத்துவர்: அது மனசுல அரிச்சுட்டே இருக்குதுங்களா?

(செல்வி அழுகிறார். மருத்துவர் காத்திருக்கிறார்.)

மருத்துவர்: மாத்திரை போடாததும் ஒரு காரணமா இருந்திருக்கலாம்மா. ஆனா இப்படி ஆகும்னு உங்களால தெரிஞ்சிருக்க முடியாது. அவரு விழுந்ததும் நீங்க ஒரு நிமிஷம் வீணாக்கல, 108க்குப் போன் பண்ணிக் கூட்டிட்டு வந்தீங்க.

(சிறிது நேரம் கழித்து.)

மருத்துவர்: இப்ப சிஸ்டர் உங்களை உள்ள கூட்டிட்டுப் போவாங்க. ரெண்டு ரெண்டு பேரா எவ்வளவு நேரம் வேணும்னாலும் பக்கத்துல இருங்க. கையைப் பிடிச்சுக்கோங்க, பேசுங்க. வெளியூர்ல பாக்க வேண்டியவங்க இருந்தா இப்பவே வரச் சொல்லிருங்க. சாயங்காலம் 5 மணிக்கு பெரிய டாக்டரோட மறுபடி உங்களைப் பாக்கறேன். அதுக்கு முன்ன ஏதாவது மாறினா உடனே கூப்பிடுவோம். நான் சொன்னதுல எது உங்களுக்குப் புரிஞ்சுது, எதை மறுபடி சொல்லணும்?

நித்யா: அப்பா திரும்பி வர மாட்டாரு. கூட இருக்கச் சொல்றீங்க.

மருத்துவர்: ஆமாம்மா.

கவனிப்பவர்களுக்கு

மதிப்பெண் போட வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். "இறந்துருவாரு" என்ற சொல்லுக்குப் பிறகு முதலில் பேசியது யார், எவ்வளவு நேரம் கழித்து? மருத்துவரே பேசியிருந்தால் அதைக் குறியுங்கள். பத்து வினாடி அமைதி நடிக்கும்போது யுகமாகத் தெரியும், அதனால்தான் பெரும்பாலோர் அதைச் சிகிச்சை விவரத்தால் நிரப்பிவிடுகிறார்கள். செல்வி மாத்திரை விஷயத்தைச் சொன்னாரா? சொல்லவில்லையென்றால், எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டார் என்று நடித்தவரிடமே கேளுங்கள். குமரேசனின் கோபத்துக்கு மருத்துவர் முதலில் விளக்கம் கொடுத்தாரா, அவருடைய தவிப்பைச் சொன்னாரா? விளக்கம் சரியாகவே இருந்தாலும் முதலில் வந்தால் வாக்குவாதமாகிவிடும்.

"கடவுள்கிட்ட வேண்டிக்கோங்க" என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அதையும் பேசுங்கள். குடும்பம் சாமியைச் சொல்லலாம், விபூதி கொண்டுவந்து பூசலாம், அதற்கு இடம் கொடுக்க வேண்டும். மருத்துவர் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் அது, இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்ற அர்த்தத்தில் போய்ச் சேர்கிறது.

நடித்து முடித்ததும்

எல்லாரும் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லிப் பாத்திரத்திலிருந்து வெளியே வாருங்கள். அண்மையில் வீட்டில் யாரையாவது இழந்தவர்கள் நடிக்க வேண்டியதில்லை. காரணம் கேட்காமல் கவனிப்பவராக உட்கார வையுங்கள். முதலில் மருத்துவராக நடித்தவர் பேசட்டும், அப்புறம் குடும்பமாக நடித்தவர்கள், கடைசியில்தான் கவனித்தவர்கள்.

இரண்டாம் சுற்று

ஆட்கள் மாறுங்கள். இந்த முறை செல்வி அறைக்குள் வருவதற்கு முன் குமரேசன் மருத்துவரைத் தனியே இழுத்து, "என்கிட்ட மட்டும் சொல்லுங்க, அவ தாங்க மாட்டா" என்கிறார். குமரேசனைக் குற்றவாளி ஆக்காமல், செல்வியிடமே எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்கும் இடம் வரைக்கும் மருத்துவர் போக வேண்டும். அங்கே நிறுத்திவிடலாம்.