மூன்றாவது சீட்டு

அண்ணன் மகளுக்குக் காதுகுத்து, அம்மாபேட்டையில் ஒரு மண்டபம். பதினோரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் “அப்படியே விசேஷத்துக்கு” வருவதாக ஏற்பாடு. பெண் பார்க்கும் படலம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அம்மா எனக்கு மூன்று முறை புடவை மடிப்பைச் சரி செய்துவிட்டாள்.

“வாடி மேல” என்று கலா அக்கா என்னைச் சாமான் அறைக்கு இழுத்துப் போனாள். பெரியம்மா மகள், கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். வாழைத்தார், எவர்சில்வர் அண்டா, சீர்த்தட்டுகளுக்கு நடுவே பாயை விரித்து, கைப்பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்தாள்.

“ரம்மியா?”

“டாரட். எழுபத்தெட்டு சீட்டு. மூணு எடு. முதல்ல நீ, ரெண்டாவது அவன், மூணாவது இந்தச் சம்பந்தம்.”

கிளி ஜோசியம்தான், கிளிக்குப் பதில் நான் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கலைத்து, விசிறி மாதிரி விரித்தாள். இடது கையால் எடுக்கச் சொன்னாள்.

முதல் சீட்டில் ஒருத்தி கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மார்பின் மேல் இரண்டு வாள்கள் குறுக்காக. பின்னால் கடல், பிறை.

“டூ ஆஃப் ஸ்வோர்ட்ஸ். முடிவெடுக்காம தள்ளிப் போடுறவ. என்னடி மறைக்கிற?”

“ஒண்ணுமில்லையே.”

இருந்தது. பேங்க் தேர்வில் பாஸாகியிருந்தேன். போஸ்டிங் எங்கே விழும் என்று தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், மாப்பிள்ளை வீட்டில் “இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்” என்று அவரே முடிவு செய்திருந்தார்.

இரண்டாவது சீட்டைப் புரட்டியதும் அக்கா “அட!” என்றாள். பெஞ்சில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் ஒருவன் காசு செதுக்கிக்கொண்டிருக்கிறான். எய்ட் ஆஃப் பென்டகிள்ஸ். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது, பொய் சொல்லக் கூடாது.

“உழைப்பாளி. கை சுத்தம். நல்ல சீட்டுடி.”

“ஆனா ஊர் அவனுக்குப் பின்னால இருக்கு பாரு. திரும்பியே பாக்க மாட்டேங்கறான்.”

“உனக்கு எல்லாத்துலயும் குத்தம்.”

மூன்றாவதைத் தொட்டபோது கதவு திறந்தது. அம்மாயி. வெற்றிலைத் தட்டு எடுக்க வந்தவள், பாயைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“என்ன கண்ணு, சீட்டாட்டமா?”

அக்கா விளக்கினாள். அம்மாயி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

“உனக்கு மாரியாத்தா கோயில்ல பூக்கட்டிப் பாத்தேன், ஞாபகமிருக்கா கலா? வெள்ளை வந்தா முடிக்கலாம்னு நெனச்சுக் கட்டினேன்.”

“வெள்ளைதானே வந்துச்சு.”

“மொதல்ல செவப்பு. மறுபடி கட்டினேன். மறுபடியும் செவப்பு. மூணாவது வாட்டி வெள்ளை. அதைத்தான் வீட்டுல வந்து சொன்னேன்.”

அறையில் சத்தமில்லை. கீழே நாதஸ்வரம் மட்டும். அக்காவின் கல்யாண வாழ்க்கை நன்றாகத்தான் இருக்கிறது, அப்படித்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“ஏன் அம்மாயி?” என்றாள் கடைசியில்.

“உங்கப்பன் ஏற்கெனவே தாம்பூலம் மாத்தற நாளைக் குறிச்சிட்டான் சாமி. செவப்புனு போய் யாருகிட்டச் சொல்ல?”

வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அக்கா கட்டை அடுக்க ஆரம்பித்தாள். விரல்கள் கொஞ்சம் தடுமாறின.

“நானும் இந்தச் சீட்டை எனக்காக எடுத்துப் பாத்திருக்கேன்டி. பிடிக்காதது வந்தா, சரியா கலைக்கலன்னு திரும்பக் கலைப்பேன். சில நாள் நாலு தடவை.”

“மூணாவது சீட்டு என் கையில இருக்கு” என்றேன்.

“பாக்கணுமா?”

மூடியபடியே கட்டுக்குள் செருகிவிட்டேன்.

கீழே குழந்தையை அதன் மாமன் மடியில் உட்கார வைத்திருந்தார்கள். ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தை வீறிட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் சாக்லேட் நீட்டினார்கள். அந்தக் கூட்டத்துக்கு வெளியே, தூண் பக்கமாக அவர் நின்றிருந்தார். குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் மெருகுக் கருப்பு. எவ்வளவு தேய்த்துக் கழுவியும் போகாதது போலிருந்தது.

அம்மா காபி டம்ளரைக் கையில் திணித்தாள். கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, தலை நிமிராமல் “தேங்க்ஸ்ங்க” என்றார்.

“எனக்கு பேங்க் வேலை கிடைச்சிருக்கு. எந்த ஊருன்னு இன்னும் தெரியாது. கல்யாணம் ஆனாலும் போவேன். உங்ககிட்டச் சொன்னாங்களா?”

“இல்லைங்களே” என்று நிமிர்ந்து பார்த்தார்.