அம்மாயி நோட்டில் ஒரு கம்பிக் கோலம்

கண்ணு, நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோபியில் அம்மாயி வைத்திருந்த அந்த நாற்பது பக்க நோட்டுதான். கோலத்துக்கு மேலே பென்சிலில் ‘ஒரே கம்பி’ என்று எழுதியிருக்கிறார்கள், அதாவது கையெடுக்காமல் போடும் ஒற்றைக் கோடு. உன் வாசலில் அது மூன்று துண்டாக வந்துவிட்டது என்கிறாய். நீ தப்பாக ஒன்றும் போடவில்லை. படத்தில் மேலிருந்து கீழாக ஒரு வரிசைப் புள்ளியையே காணோம்!

வலது ஓரத்தைப் பார். கோடுகள் நோட்டின் மடிப்புக்குள் போய் மறைகின்றன. ஒவ்வொரு வரிசையின் நாலாவது புள்ளியும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. இது 3 புள்ளி 3 வரிசை இல்லை, 4 புள்ளி 3 வரிசை. ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று வைத்த நேர்ப்புள்ளி, மொத்தம் 12. நீ 9 புள்ளியோடு நிறுத்தி, வெளியே ஓடிய கோடுகளை நீயாகவே வளைத்து மூடிவிட்டாய்.

கம்பி எந்தப் புள்ளியையும் தொடாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி இருந்தால், அவற்றின் நடுவே இரண்டு கோடுகள் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும். பக்கவாட்டிலும் அப்படித்தான், மேலும் கீழும் அப்படித்தான். இந்தக் கோலத்தில் அப்படி 17 வெட்டு. ஓரத்தில், அடுத்த புள்ளி இல்லாத பக்கம், கம்பி புள்ளிக்கு வெளியே வளைந்து உள்ளே திரும்பிவிடும். மூலைப் புள்ளிக்கு இரண்டு பக்கமும் ஆளில்லை. அதனால் கம்பி அதை முக்கால் வட்டமாகச் சுற்றும்.

சரி, கையை வை. கீழ் வரிசையில் முதல் புள்ளிக்கு அடியில் தொடங்கி வலப்பக்கம் மேலே சாய்ந்து போ. கீழ் வரிசையில் 1, 2 நடுவே நுழை. அப்புறம் இரண்டாம் புள்ளியின் தலைக்கும் நடு வரிசை இரண்டாம் புள்ளிக்கும் இடையே. அடுத்து நடு வரிசையில் 2, 3 நடுவே. மூன்றாம் புள்ளிக்கு மேலே போய், மேல் வரிசையில் 3, 4 நடுவே வெளியே வா. இப்போது மேல் வலது மூலைப் புள்ளி. அதைச் சுற்றி வலப்பக்கமாக இறங்கினால், கம்பி இடப்பக்கம் சாய்ந்து கீழே ஓடி, கீழ் வரிசை இரண்டாம் புள்ளிக்கு அடியில் வந்து வளையும். அங்கிருந்து இடப்பக்கம் மேலே ஏறும்போது, முதலில் நுழைந்தாயே, அந்த 1, 2 நடுவேதான் மறுபடி வெட்டுவாய். அங்கே கோடு கோட்டை வெட்டினால் சரியான வழியில் போகிறாய் என்று அர்த்தம். அப்புறம் கையே போய்விடும். ஓரங்களில், மூலைக்கு இரண்டு என்று எண்ணி, மொத்தம் 14 வளைவு முடிந்ததும் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பாய்.

உன் மூன்று துண்டும் அழகுதான். ஒன்று இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்குச் சாய்ந்த நீள வளையம், இன்னொன்று அதற்கு எதிர்ச்சாய்வு, மூன்றாவது நடுவில் வைரக்கல் மாதிரி. சதுரமாகப் புள்ளி வைத்தால் இப்படிப் பிரியத்தான் செய்யும். எல்லா இடத்திலும் வெட்டிக்கொண்டு போகும் நேர்ப்புள்ளிக் கோலத்துக்கு ஒரு கணக்கு உண்டு: ஒரு வரிசையில் உள்ள புள்ளி எண்ணிக்கை, வரிசை எண்ணிக்கை இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப்பெரிய எண் எதுவோ, அத்தனை கம்பி. 3க்கு 3 என்றால் மூன்று. 6க்கு 4 என்றால் இரண்டு. 4க்கு 3, 5க்கு 4 என்றால் ஒன்றே ஒன்று. நான் பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொதுக் காரணி நடத்தும்போது இதைத்தான் பலகையில் போடுவேன். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடனிருந்தவர்களும் 1970களிலேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்தார்கள். எங்கம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. கம்பி மூடவில்லை என்று நான் அழுதால், ‘ஒரு புள்ளி கூட வெச்சுப் பாரு சாமி’ என்பார்கள், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. நடுவில் எங்காவது வெட்டாமல் இரண்டு கோட்டையும் விலக்கி வளைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. பெரிய சிக்குக் கோலங்களில் அப்படி நிறைய விலக்குவார்கள். இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி வரும் ஊடுபுள்ளிக்கும் இந்தக் கணக்கைக் கொண்டு போகாதே.

நாளைக்குப் போடும்போது புள்ளிகளை நாலு விரல் இடைவெளிக்குக் குறையாமல் வை. நெருக்கி வைத்தால் கோலமாவு அப்பி, வெட்டும் இடமெல்லாம் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். சாணி தெளித்த ஈரம் கொஞ்சம் இழுத்த பிறகு போடு.

அப்புறம், நோட்டை மடிப்பு வரை விரித்துப் பிடித்து இன்னொரு படம் எடு. பின்பக்கத்துக் கோலம் தாளில் நிழலாகத் தெரிகிறது. மார்கழி முதல் நாள் அம்மாயி போடுவார்களே, அந்தப் பெரிய ஊடுபுள்ளிதான் என்று நினைக்கிறேன்.