செஞ்சி ராஜகிரிக் கோட்டை: ஏறும் முன் ஒரு நிமிடம்

இட அடையாளம்: ராஜகிரிக் கோட்டை, செஞ்சி, விழுப்புரம் மாவட்டம்

வணக்கம். திண்டிவனம்–திருவண்ணாமலைச் சாலையின் ஓரத்திலேயே தெரிகிற இந்தக் கோட்டை, 2025ஆம் ஆண்டு ஜூலையில் மராட்டியர் இராணுவ நிலப்பரப்புகளுள் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

வருவதற்கு ஏற்ற மாதங்கள் டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை. அக்டோபர், நவம்பர் மழையில் சுற்றிலும் பசுமை கண்ணைப் பறிக்கும் என்றாலும், பாறைப் படிகள் வழுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் குழந்தைகளையும் முதியவர்களையும் மேலே அழைத்துச் செல்ல வேண்டாம்.

நுழைவுச்சீட்டை இந்தியத் தொல்லியல் துறையின் இணையதளத்திலேயே முன்கூட்டி வாங்கிவிடலாம். 15 வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணமில்லை. உச்சிக்கு ஏற விரும்புவோர் காலையில், வாயில் திறந்தவுடனேயே தொடங்கிவிடுவது நல்லது, ஏனெனில் பிற்பகலில் தாமதமாக வருவோரை மேலே ஏற அனுமதிப்பதில்லை.

இனி, படங்களில் தெரியாதவை. ஏறக்குறைய 240 மீட்டர் உயரமுள்ள இந்தக் குன்றில் படிகள் ஒரே அளவில் இல்லை, நிழல் குறைவு, வழியில் கடைகளும் இல்லை என்பதால் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது பைக்குள் மறைத்து எடுத்து வாருங்கள். கையில் தொங்கும் எதையும் குரங்குகள் விட்டுவைப்பதில்லை. சுவர்களில் கிறுக்கப்பட்ட காதலர் பெயர்களைக் கண்டு எரிச்சலும் வரும்.

ஏற முடியாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. அடிவாரத்திலுள்ள கல்யாண மகாலும் நெற்களஞ்சியமும் வேங்கடரமணர் கோயிலுமே அரை நாளுக்குப் போதும். ஏறுபவர்கள், உச்சிக்குச் சற்று முன் பிளவுக்கு மேல் போடப்பட்டிருக்கும் பாலத்தில் நின்று கீழே பாருங்கள்.