ஒப்பிட்டு எழுதும் கேள்விகளுக்கான விடை அட்டவணைகள்: சமூகவியல் கோட்பாட்டுத் தாள்கள்

எம்.ஏ. முதலாண்டு நண்பர்களுக்கு. செவ்வியல் கோட்பாடு, இந்தியச் சமூகச் சிந்தனை இரண்டு தாளுக்கும் சேர்த்து எழுதியது. வகுப்புக் குறிப்பையும் துறை நூலகத்தில் இருக்கும் பழைய வினாத்தாள்களையும் சேர்த்துப் பார்த்தால் ‘ஒப்பிடுக’, ‘வேறுபடுத்துக’ என்று வரும் கேள்விகள் சில ஜோடிகளையே சுற்றி வருகின்றன. அந்த ஜோடிகள் மட்டும் இங்கே. ஒவ்வொரு வரிசையும் இருவரிடமும் கேட்கும் ஒரே கேள்வி. கடைசி வரிசையில் இருக்கும் ‘பிரியும் இடம்’தான் விடையின் உயிர், அட்டவணைக்குக் கீழே உள்ள பத்தி அதிலிருந்து வளர்கிறது. பத்தி இல்லாமல் அட்டவணையை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள்.

1. ‘அந்நியமாதலையும் நெறியின்மையையும் ஒப்பிடுக’ (15 மதிப்பெண்)

| கேள்வி | மார்க்ஸ் (1818–1883) | துர்க்ஹைம் (1858–1917) |
|---|---|---|
| எங்கே எழுதினார்? | 1844 கையெழுத்துப் படிகள் | வேலைப் பகுப்பு (1893), தற்கொலை (1897) |
| நோய் என்ன? | உழைப்பவர் தன் உழைப்பிலிருந்தே பிரிக்கப்படுவது | ஆசைக்கு வரம்பு வைக்கும் நெறிகள் தளர்ந்துபோவது |
| எங்கிருந்து வருகிறது? | தனிச்சொத்து, கூலி உழைப்பு | மாற்றத்தின் வேகத்துக்குச் சமூக நெறிகள் ஈடுகொடுக்காதது |
| வடிவங்கள் | விளைபொருள், உழைப்புச் செயல், மனித இன இயல்பு, சக மனிதர் ஆகிய நான்கிலிருந்தும் அந்நியமாதல் | வேலைப் பகுப்பின் பிறழ்ந்த வடிவம். தற்கொலை வகைகளுள் ஒன்று |
| மனிதரைப் பற்றிய எண்ணம் | படைப்பாற்றல் உள்ளவர். தளையே கேடு | ஆசைக்கு எல்லை இல்லாதவர். தளை இல்லாததே கேடு |
| மருந்து | உற்பத்தி உறவுகளை மாற்றுவது | தொழில்சார் சங்கங்கள், ஒழுக்கக் கல்வி |
| பிரியும் இடம் | கட்டுப்பாடு மிகுதி | கட்டுப்பாடு குறைவு |

விடைப் பத்தி: இருவரும் பார்த்தது ஒரே தொழில்யுக ஐரோப்பாவைத்தான். ஆனால் மனிதரைப் பற்றிய அடிப்படை எண்ணம் வேறு என்பதால் நோயின் பெயரும் மருந்தும் வேறாகின்றன. மார்க்ஸின் மனிதர் இயல்பிலேயே ஆக்குபவர். ஆக்கியது அவர் கையைவிட்டுப் போய், அவருக்கு எதிராகவே நிற்கிறது. துர்க்ஹைமின் மனிதருக்குப் போதும் என்று சொல்லச் சமூகம் தேவை. அது சொல்லாதபோது வளமான காலத்திலும் தற்கொலை கூடுகிறது. பொருளாதார நெருக்கடியில் மட்டுமல்லாமல் திடீர்ச் செழிப்பிலும் விகிதம் உயர்கிறது என்று அவர் காட்டியது இதற்கு வலுவான சான்று.

இதோடு விடையை நிறுத்தினால் இருவரையும் எதிரெதிராக நிறுத்தியதாக மட்டுமே ஆகும். வேலைப் பகுப்பு நூலின் கடைசிப் பகுதியில் துர்க்ஹைம் ‘திணிக்கப்பட்ட வேலைப் பகுப்பு’ பற்றியும் பேசுகிறார். திறமைக்கு ஏற்ற இடம் கிடைக்காமல், பிறப்பும் பரம்பரைச் சொத்தும் வேலையைத் தீர்மானித்தால் ஒருமைப்பாடு உடையும் என்கிறார். அங்கே அவர் மார்க்ஸுக்கு மிக அருகில் வருகிறார். விடையின் நடுவில் இந்த நான்கு வரி கட்டாயம் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. ‘மார்க்ஸின் அந்நியமாதல் கோட்பாட்டுக்குத் துர்க்ஹைம் அளித்த மறுமொழிதான் நெறியின்மை’ என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் கையெழுத்துப் படிகள் முழுமையாக அச்சானது 1932-இல். துர்க்ஹைம் இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

2. ‘வர்க்கம் பற்றிய மார்க்ஸின் கருத்தை வெபர் எவ்வாறு விரித்தார்?’ (15 மதிப்பெண்)

| கேள்வி | மார்க்ஸ் | வெபர் (1864–1920) |
|---|---|---|
| வர்க்கம் எதனால் தீர்மானமாகிறது? | உற்பத்திச் சாதனம் யார் கையில் என்பதால் | சந்தையில் ஒருவருக்குக் கிடைக்கும் வாழ்க்கை வாய்ப்புகளால் |
| அடுக்கமைவுக்கு எத்தனை அச்சு? | ஒன்று, மற்றவை அதைச் சார்ந்தவை | மூன்று: வர்க்கம், தகுநிலை, கட்சி |
| சாதி போன்றதை எங்கே வைப்பது? | உற்பத்தி உறவுகளுக்குள் | மூடிய தகுநிலைக் குழுவாக |
| வர்க்கம் ஒன்றுதிரளுமா? | தன்னளவிலான வர்க்கம் தனக்கான வர்க்கமாக மாறும் | மாறலாம். கட்டாயம் இல்லை |
| முதலாளித்துவம் எப்படி வந்தது? | பொருளியல் முரண்பாடுகளின் வரலாறாக | சமய நெறிக்கும் பொருளியல் நடத்தைக்கும் இருந்த ஈர்ப்பும் ஒரு காரணம் |
| எதிர்காலம் | வர்க்கமற்ற சமூகம் | அதிகாரத்துவம் மேலும் இறுகும் |
| பிரியும் இடம் | அதிகாரத்தின் வேர் ஒன்றே | அதிகாரத்தின் வேர்கள் பல |

கேள்வியில் ‘மறுத்தார்’ என்று இல்லை, ‘விரித்தார்’ என்று இருக்கிறது. அந்தச் சொல்லுக்குத்தான் பதில் எழுத வேண்டும். சொத்து உடைமையே வர்க்கத்தின் அடிப்படை வகை என்பதை வெபர் ஏற்கிறார். அதோடு திறமை, கல்வித் தகுதி ஆகியவற்றின் சந்தை மதிப்பையும் சேர்க்கிறார். மார்க்ஸ் வர்க்கத்துக்கு முழு வரையறை தரவில்லை. ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் வர்க்கங்கள் என்ற கடைசி அத்தியாயம் பாதியில் நிற்கிறது. எங்கெல்ஸ் அதை 1894-இல் அப்படியே வெளியிட்டார். அந்த இடைவெளியில்தான் வெபர் நுழைகிறார் என்று எழுதலாம்.

புராட்டஸ்டண்ட் அறநெறி (1904–05) பற்றி எழுதும்போது ‘மார்க்ஸ் பொருள் என்றார், வெபர் கருத்து என்றார்’ என்று முடித்துவிட வேண்டாம். ஒருபக்கப் பொருள்முதல் விளக்கத்தின் இடத்தில் ஒருபக்கக் கருத்துமுதல் விளக்கத்தை வைப்பது தன் நோக்கம் அல்ல என்று வெபரே அந்த ஆய்வின் முடிவில் சொல்கிறார்.

எடுத்துக்காட்டுக்கு அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் போக வேண்டியதில்லை. பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைகள், நம் பேச்சில் பின்னி மில், போதும். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. ஒரே ஆலை, ஒரே முதலாளி, ஒரே கூலி உழைப்பு: மார்க்ஸின் நிரலுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. ஆனால் 1921 வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதி வழியாகப் பிளந்தனர். ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குச் சென்றனர். புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. ஒரே வர்க்க நிலையில் இருந்தவர்களைத் தகுநிலை பிரித்தது என்பது வெபர் வழியான வாசிப்பு. வேலையை இழந்தால் யாரால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்பதும் சமமாக இல்லை. பிளவுக்குள்ளும் பொருளியல் இருக்கிறது என்பது மார்க்ஸ் வழியான மறுமொழி. இரண்டு வாசிப்பையும் எழுதிவிட்டு உங்கள் தீர்ப்பை ஒரு வரியில் சொல்லுங்கள். என் தீர்ப்பு: 1921-ஐ விளக்க வெபரின் மூன்று அச்சும் தேவை, அவற்றில் சாதி அச்சு எப்படி உருவானது என்று கேட்டால் வெபரும் போதாது. அதற்கு ஐந்தாம் அட்டவணைக்குப் போக வேண்டும்.

3. ‘துர்க்ஹைம், வெபர்: ஆய்வு முறை’ (10 மதிப்பெண்)

| கேள்வி | துர்க்ஹைம் | வெபர் |
|---|---|---|
| சமூகவியலின் பொருள் | சமூக உண்மைகள் | சமூகச் செயல் |
| எப்படி அணுகுவது? | பொருள்களைப் போல, வெளியிலிருந்து | செய்பவர் தரும் அர்த்தத்தைப் புரிந்துகொண்டு |
| கருவி | விகிதங்களின் ஒப்பீடு | ஐடியல் டைப் |
| பிரியும் இடம் | சமூகம் தனிமனிதருக்கு வெளியே நின்று கட்டுப்படுத்துகிறது | சமூகம் தனிமனிதர் செயல்களின் வழியாகவே இருக்கிறது |

கோவிலுக்குப் போகிறவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் குழுவினர் எவ்வளவு அடிக்கடி போகிறார்கள், அந்த வேறுபாடு எதனோடு சேர்ந்து மாறுகிறது என்று துர்க்ஹைம் பார்ப்பார். வேண்டுதல் பலிக்கப் போகிறாரா, கடமை என்று போகிறாரா, உணர்ச்சிவசத்தில் போகிறாரா, வழக்கம் என்று போகிறாரா என்று வெபர் கேட்பார். வெபரின் நான்கு செயல் வகைகளும் இந்த ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்.

இதே ஜோடியின் பக்கத்தில் டோனிஸ் இரண்டு மதிப்பெண்ணுக்கு வருவார். 1887-இல் அவர் பழைய சமுதாயத்தை உயிரோட்டமான பிணைப்பு என்றும் நவீனச் சமூகத்தைச் செயற்கையானது என்றும் பிரித்தார். துர்க்ஹைம் 1893-இல் தலைகீழாக்கினார்: பழையது இயந்திர ஒருமைப்பாடு, புதியது உயிரிய ஒருமைப்பாடு.

4. ‘பார்சன்ஸின் செயற்பாட்டியத்தை மெர்ட்டன் திருத்திய விதம்’ (10 மதிப்பெண்)

| கேள்வி | பார்சன்ஸ் (1902–1979) | மெர்ட்டன் (1910–2003) |
|---|---|---|
| கோட்பாட்டின் அளவு | எல்லாச் சமூகத்துக்கும் பொதுவான பெருங்கோட்பாடு | நடுத்தர அளவுக் கோட்பாடு |
| மையக் கருவி | தகவமைவு, இலக்கடைவு, ஒருங்கிணைவு, உள்நிலைக் காப்பு | வெளிப்படை, உள்ளுறைச் செயற்பாடுகள், எதிர்ச்செயற்பாடு |
| பிறழ்வு | சமூகமயமாதலில் குறை | இலக்குக்கும் வழிக்கும் இடையிலான இடைவெளி (1938) |
| பிரியும் இடம் | பகுதி முழுமைக்காக இருக்கிறது | யாருக்குச் செயற்பாடு, யாருக்குக் கேடு என்று கேட்க வேண்டும் |

உள்ளுறைச் செயற்பாட்டுக்கு எல்லாரும் ஹோப்பி இனத்தவரின் மழைச் சடங்கையே எழுதுவார்கள்; அது மெர்ட்டன் தந்த எடுத்துக்காட்டு. அதை ஒரு வரியில் முடித்துவிட்டு ஆடி மாதம் அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுவதை எழுதுங்கள். நேர்த்தி வெளிப்படை; வசூலுக்கு வீடு வீடாகப் போவதில் தெரு ஒன்றுகூடுவது உள்ளுறை; வசூல் யாரிடம் கேட்கப்படவில்லை, யார் அண்டாவைத் தொடக்கூடாது என்பது எதிர்ச்செயற்பாடு.

5. ‘சாதி பற்றிய தூமோன், சீனிவாஸ், அம்பேத்கர் பார்வைகளை ஒப்பிடுக’ (15 மதிப்பெண்)

| கேள்வி | தூமோன் (1911–1998) | எம்.என். சீனிவாஸ் (1916–1999) | அம்பேத்கர் (1891–1956) |
|---|---|---|---|
| சாதியின் மையம் | தூய்மை–தீட்டு எதிர்நிலை | உள்ளூரில் இயங்கும் சாதிகளின் உறவு | அகமணம் |
| சான்று | நூல்கள். தமிழகத்தில் பிரமலைக் கள்ளரிடையே களப்பணி | குடகு, இராம்புரா களப்பணி | வரலாறு, சாத்திரம், வாழ்ந்த அனுபவம் |
| அதிகாரம் எங்கே? | தகுநிலைக்குக் கீழே | ஆதிக்கச் சாதியிடம்: எண்ணிக்கை, நிலம், அரசியல் | படிநிலைச் சமத்துவமின்மையில் |
| மாற்றம் உண்டா? | அமைப்புக்குள் உண்டு, அமைப்பே மாறுவதில்லை | சமஸ்கிருதமயமாக்கம் (1952) | சாதி ஒழிப்பு (1936) |
| பெண் எங்கே? | மையத்தில் இல்லை | சடங்கு மாற்றத்தின் ஓரத்தில் | மையத்தில்: சதி, கட்டாயக் கைம்மை, சிறுமி மணம் |
| பிரியும் இடம் | சாதி ஒரு கருத்தமைப்பு | சாதி ஒரு நகரும் ஏணி | சாதி ஒரு வன்முறை அமைப்பு |

பழைய தாள்களில் தூமோன்–சீனிவாஸ் ஜோடிதான் அதிகம். மூன்றாம் நிரலை நானே சேர்த்தேன். கேள்வியில் அம்பேத்கர் பெயர் இல்லாவிட்டாலும் அவரை எழுதுங்கள். காலவரிசையில் அவரே முதலில் வருகிறார்: கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1916 மே மாதம் சாதி பற்றி அவர் வாசித்த கட்டுரை, தூமோனின் நூலுக்கு (1966) ஐம்பது ஆண்டு மூத்தது.

விடைப் பத்தி: தூமோனின் படிநிலையில் பிராமணர் தகுநிலையில் மேலே, ஆள்பவர் அதிகாரத்தோடு அதற்குக் கீழே. சீனிவாஸ் ஊருக்குள் போய்ப் பார்த்தபோது, சடங்கில் நடுவில் இருக்கும் சாதி நிலத்தால் ஊரையே ஆள்வது தெரிந்தது. நூல் பார்வைக்கும் களப் பார்வைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. தஞ்சை ‘ஸ்ரீபுரம்’ கிராமத்தை ஆய்ந்த ஆந்த்ரே பெத்தே (1965), சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் ஒன்றையொன்று விட்டு விலகிவருவதைக் காட்டினார். வெபரின் மூன்று அச்சு தமிழக மண்ணில் பயன்பட்ட இடம் என்று இரண்டாம் அட்டவணையோடு இணைக்கலாம். ஆனால் இந்த மூவரும் சாதி எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று விளக்க, அம்பேத்கர் அது எப்படி மறு உற்பத்தியாகிறது என்று கேட்கிறார். புறமணம் வழக்கமாக இருந்த மக்களிடம் அகமணம் திணிக்கப்பட்டபோது, துணையை இழந்த ஆணும் பெண்ணும் குழுவின் எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதன் சுமை முழுவதும் பெண்ணின் உடல்மீது ஏற்றப்பட்டது. ஏணியில் ஒரு சாதி மேலே ஏறும்போது கைம்பெண் மறுமணத்தை நிறுத்துவதைச் சீனிவாஸ் சமஸ்கிருதமயமாக்கத்தின் அடையாளமாகக் குறித்தார். அதே நிகழ்வு அம்பேத்கரின் நிரலில் சாதி தன்னைப் பூட்டிக்கொள்ளும் முறையாகிறது.