முகத்துவாரம் வெட்டுதல்: களுவாஞ்சிகுடி பொதுக் கேள்வி நேரத்தின் தொடக்க உரை

எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். பின்னுக்கு நிற்கிற தம்பிமார், முன்னுக்கு வந்து இருங்கள். இந்த மூன்று வரிசையும் பெரிய ஆட்களுக்கென்று யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. மின்விசிறியும் முன்னுக்குத்தான் சுற்றுகிறது.

நான் ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர். இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு நான் வாய்ப்பாடு கேட்டிருப்பேன், பயப்பட வேண்டாம். இன்றைக்கு நான் விவசாயிகள் பக்கமும் இல்லை, மீனவர் பக்கமும் இல்லை. ஒலிவாங்கி யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மாரி தொடங்கப் போகிறது. உன்னிச்சைக் குளத்திலும் நவகிரிக் குளத்திலும் வான் கதவு திறந்தால் தண்ணீர் மட்டக்களப்பு வாவிக்குத்தான் வரும். வாவி கடலோடு சேருகிற முகத்துவாரம் மண் மூடிக் கிடந்தால் வாவி ஏறி வயல் வட்டைக்குள் புகுந்துவிடும். படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவர், “கெதியாய் வெட்டுங்கள்” என்பார். வாவியில் வலை போடுகிறவர், “அவசரப்பட்டு வெட்டினால் இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும், பொறுங்கள்” என்பார். வாவிக் கரையோரம் வயல் வைத்திருக்கிறவருக்கோ இரண்டு பக்கமும் பயம். வெட்டாவிட்டால் வெள்ளம், வெட்டின பிறகு மழை விட்டால் உப்புத் தண்ணீர். இவர்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிற குடும்பங்களும் எனக்குத் தெரியும். 2011 ஜனவரி வெள்ளத்தையும் 2024 நவம்பர் வெள்ளத்தையும் பார்த்த ஆட்களுக்கு நான் இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

மேசையில் நான்கு பேர் இருக்கிறார்கள். நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர், கமநல சேவை நிலையத்தின் பெரும்பாக உத்தியோகத்தர், கடற்றொழில் பரிசோதகர், அனர்த்த முகாமைத்துவ உத்தியோகத்தர். பொறியியலாளர் சேர் சிங்களத்தில் பதில் சொல்வார், பக்கத்தில் இருக்கிற தங்கச்சி தமிழில் சொல்வார். அவர் சொல்லி முடிக்கும் வரை பொறுங்கள். பாதி விளங்கினதை வைத்துக்கொண்டு பாதிப் பேர் கத்துவது எங்கள் ஊர்ப் பழக்கம். எனக்கும் அது இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகத்துவாரத்தை எந்த நாளில் வெட்டுவது என்ற முடிவு இந்த மண்டபத்தில் எடுக்கப்படாது. அது கச்சேரியில் அரசாங்க அதிபர் தலைமையில் நடக்கிற விஷயம். அந்த முடிவு எதை வைத்து எடுக்கப்படுகிறது என்பதை இந்த நான்கு பேரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் கூடியிருக்கிறோம்.

போன கூட்டத்தையும் நான்தான் நடத்தினேன். அதில் ஒரு பெரியவர் ஒலிவாங்கியை வாங்கி இருபத்திரண்டு நிமிடம் கதைத்தார். அவர் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் அவர் முடிக்கும்போது, கடைசி வரிசையில் கேள்வி எழுதிய துண்டோடு இருந்த ஒரு அக்கா எழும்பிப் போய்விட்டார். குருமண்வெளியில் வாவியைக் கடக்கிற பாதைப் படகு பிடித்து மண்டூருக்குப் போக வேண்டியவர். துண்டு கதிரையிலேயே கிடந்தது. கூட்டம் முடிந்து நான் எடுத்துப் பார்த்தேன். “வெட்டப் போவதை எங்களுக்கு யார், எத்தனை மணித்தியாலத்துக்கு முன் சொல்வார்கள்? பதித்த வலையை எடுக்க நேரம் வேணும்” என்று பென்சிலால் எழுதியிருந்தார். அன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி அதுதான், அதை யாரும் கேட்கவில்லை. பிழை பெரியவருடையது அல்ல, என்னுடையது.

ஆகவே இன்றைக்கு மணி வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய கைமணி. நாக்கு ஒரு பக்கம் தேய்ந்து சத்தம் கொஞ்சம் அசிங்கமாய் இருக்கும், அதுவும் நல்லதுதான். கேள்விக்கு ஒன்றரை நிமிடம், பதிலுக்கு மூன்று நிமிடம். உத்தியோகத்தர்மாருக்கும் அதே மணிதான், சேர்மார் குறை நினைக்க வேண்டாம். ஒருவருக்கு ஒரு கேள்வி. பதில் விளங்காவிட்டால் அதே விஷயத்தில் ஒரு முறை திருப்பிக் கேட்கலாம், புதிய விஷயம் தொடங்க முடியாது. எல்லோரும் ஒரு சுற்று கேட்ட பிறகு நேரம் இருந்தால் பார்ப்போம்.

வாசலில் துண்டு தந்திருப்பார்கள். பச்சை வேளாண்மைக்காரருக்கு, நீலம் மீனவருக்கு, இரண்டும் இல்லாதவருக்கு வெள்ளை. நிறத்தை மாற்றி மாற்றி எடுப்பேன், ஒரே பக்கத்தில் இருந்து அடுத்தடுத்து இரண்டு வராது. எழும்பிக் கதைக்க விருப்பமில்லாதவர்கள் எழுதித் தாருங்கள், பேர் சொல்லாமல் நானே வாசிப்பேன். போன முறை பெண்கள் பக்கத்தில் இருந்து வந்தது மூன்றே துண்டுகள். இந்த முறை முதல் கேள்வி அங்கேயிருந்துதான்.

அப்புறம், கேள்வியைக் கேள்வியாகக் கேளுங்கள். “எங்கள் வேளாண்மை எல்லாம் அழுகிப் போச்சு, ஒருத்தரும் வந்து பார்க்கவில்லை” என்றால் மேசையில் இருப்பவர் “கவலையாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டு இருந்துவிடுவார். நீங்களும் இருக்க வேண்டியதுதான். “வாவித் தண்ணீர் எந்த அளவுக்கு ஏறினால் வெட்டுவீர்கள், அந்த அளவை யார், எங்கே நின்று பார்க்கிறார்?” என்று கேட்டால் அவர் ஒரு இலக்கம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லும் இலக்கத்தை அந்தத் தம்பி பலகையில் எழுதுவார். இன்றைக்குத் தெரியாது என்றால், எந்தத் திகதிக்குள் தெரியும் என்பதை எழுதுவார். பலகையைப் படம் எடுத்துக் கமக்காரர் அமைப்புகளுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் அனுப்புவோம்.

உங்களுடைய நட்டஈட்டுக் கோவை எங்கே நிற்கிறது என்பது போன்ற சொந்த விஷயங்களைச் சபையில் கேட்க வேண்டாம். பின்னுக்கு ஒரு மேசையில் எழுதுவினைஞர் ஒருவர் விபரம் பதிகிறார். இங்கே இல்லாத ஒரு உத்தியோகத்தரின் பேரைச் சொல்லி ஏசவும் வேண்டாம். அவருக்குப் பதில் சொல்ல இங்கே வாய் இல்லை. மற்றது, “விவசாயிகள் இப்படித்தான்”, “மீனவர் இப்படித்தான்”, “அந்த ஊர் ஆக்கள் அப்படித்தான்” என்று தொடங்கினால் மணி அடிப்பேன், ஒன்றரை நிமிடம் ஆகாவிட்டாலும் சரி. கோபமாய்க் கேட்கலாம். தண்ணீருக்குள் நின்றவனுக்குக் கோபம் வராமல் என்ன வரும்.

மூன்றேகாலுக்கு அஸர் தொழுகைக்கும் தேத்தண்ணிக்கும் பதினைந்து நிமிடம் விடுவோம். நாலே முக்காலுக்கு முடிப்போம், பாதை பிடிக்க வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு முன்னமே போக வேண்டியவர்கள் இப்போதே கையைத் தூக்குங்கள், உங்கள் துண்டை மேலே வைக்கிறேன். ஒன்று, இரண்டு... ஐந்து பேர். சரி.

ரெலிபோன்களைச் சத்தம் இல்லாமல் வையுங்கள். படம் எடுக்கலாம், ஆனால் கேள்வி கேட்கிறவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

முதல் கேள்வி போன கூட்டத்துத் துண்டில் இருந்தது. எழுதிய அக்கா இன்றைக்கும் வந்திருக்கிறார், இரண்டாம் வரிசையில் கரையில் இருக்கிறார். அக்கா, நீங்களே கேட்கிறீர்களா, நான் வாசிக்கட்டுமா? தம்பி, ஒலிவாங்கியை அங்கே கொடுங்கள்.