இரண்டு வாஷிங் மெஷின், சித்தி வீட்டுக்குத் தேவையான விவரம் மட்டும்

சித்தி,

நீங்கள் அனுப்பிய இரண்டு டேட்டாஷீட்டையும் படித்து முடித்தேன். முன்பக்கக் கதவு மெஷின் இரண்டும், 7 கிலோ ஒன்று, 8 கிலோ ஒன்று. கடைக்காரர் பெரிய எழுத்தில் காட்டும் நீராவி, வைஃபை, டிரம்மின் வைர வடிவம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். தினமும் துணி போடும்போது வித்தியாசம் தெரியக்கூடிய வரிகள் இவைதான்:

| | 7 கிலோ | 8 கிலோ |
|---|---|---|
| தண்ணீருக்குக் குறைந்தபட்ச அழுத்தம் | 1 பார் | 0.3 பார் |
| தினசரித் துணி, 40 டிகிரி, ஓடும் நேரம் | 1 மணி 15 நிமிடம் | 1 மணி |
| ஸ்பின் வேகம், நிமிடத்துக்கு | 1000 சுற்று | 1400 சுற்று |
| ஸ்பின் சத்தம் | 72 டெசிபல் | 76 டெசிபல் |
| முழு மெஷினுக்கும் வாரண்டி | 2 வருடம் | 4 வருடம் |
| கடை சொன்ன விலை | 28,500 ரூபாய் | 33,000 ரூபாய் |

நான் சொல்வது 8 கிலோ. ஆனால் அந்த ஒரு கிலோவுக்காக அல்ல, பட்டியலின் முதல் வரிக்காக.

அந்த வரியைக் கண்டுபிடிப்பதே சிரமம். 7 கிலோ ஷீட்டின் கடைசிப் பக்கத்தில், பிளம்பிங் பகுதியில், 0.1 மெகா பாஸ்கல் என்று போட்டிருக்கிறார்கள். இன்னொன்றில் 0.3 பார். மேலோட்டமாகப் பார்த்தால் முதலாவதுக்குத்தான் அழுத்தம் குறைவாகப் போதும் போலத் தெரியும். உண்மையில் நேர் எதிர். 0.1 மெகா பாஸ்கல் என்றால் 1 பார், அதாவது மற்றதைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

இதை உங்கள் வீட்டில் வைத்துப் பார்ப்போம். மேலிருந்து இறங்கும் தண்ணீர் சுமார் 33 அடி உயரத்துக்கு 1 பார் அழுத்தம் தரும். கீழ்வீட்டுக்காரர்களுக்கு அழுத்தம் உங்களைவிடக் கூடுதலாக வரும், தொட்டி அவர்களுக்கு இரண்டு மாடி மேலே இருக்கிறது. நீங்கள் மாடியில் இருக்கிறீர்கள். உங்கள் தலைக்கு மேல் மொட்டை மாடி, அதில் மூன்றடித் தூண் கட்டி அதன் மேல் தொட்டி. தரையிலிருந்து கூரை 10 அடி, தூண் 3 அடி, அதில் மெஷினுக்குத் தண்ணீர் நுழையும் இடத்தின் உயரம் 3 அடியைக் கழித்தால் மிச்சம் 10 அடிதான். கணக்குப்படி 0.3 பார். 7 கிலோ மெஷின் கேட்பதில் மூன்றில் ஒரு பங்கு கூட உங்கள் குழாயில் வராது. தண்ணீர் ஊசி மாதிரி ஏறும், மெஷின் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்று பீப் அடித்து நின்றுவிடும். மெக்கானிக் வந்து, மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, பிரஷர் பம்ப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும். பம்ப், அதற்குக் குழாய் வேலை, கரண்ட் வேலை என்று சேர்த்தால் இப்போது மிச்சமாகத் தெரியும் 4,500 ரூபாய் அங்கேயே கரைந்துவிடும்.

கிலோ விஷயத்துக்கு வருகிறேன். டப்பாவில் இருக்கும் 7, 8 எல்லாம் காய்ந்த பருத்தித் துணியின் எடை, அதுவும் நீண்ட நேரம் ஓடும் காட்டன் புரோகிராமில் மட்டும். தினசரித் துணிக்கான மிக்ஸ் புரோகிராமில் 7 கிலோ மெஷின் 3.5 கிலோ, 8 கிலோ மெஷின் 4 கிலோ என்று உள்ளே சின்ன எழுத்தில் இருக்கிறது. பதினைந்து நிமிட வாஷில் இரண்டுக்கும் 2 கிலோதான். சித்தப்பா வேட்டி சட்டை, பிள்ளைகள் இரண்டு பேர் யூனிஃபார்ம், உங்கள் நைட்டி, நாலு துண்டு எல்லாம் சேர்த்து 3 கிலோ வரும். இரண்டிலும் அடங்கும். ஜமக்காளம் இரண்டிலும் போட வேண்டாம்.

ஸ்பின் வேகம் ஸ்ரீரங்கத்து வெயிலில் பெரிய விஷயமே இல்லை, எப்படிப் பிழிந்தாலும் மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஹாலில் கயிறு கட்டிக் காயப்போடும்போதுதான் 1400 உதவும். அதற்கு விலை சத்தம். 4 டெசிபல் என்பது காதுக்குத் தெரியும் வித்தியாசம், ஆனால் தூக்கம் கெடும் அளவு இல்லை. அதுவும் கடைசிப் பத்து நிமிடம்தான்.

கரண்ட் செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 60 டிகிரி காட்டன் புரோகிராமுக்கு இரண்டு ஷீட்டிலும் ஏறக்குறைய ஒரு யூனிட் போட்டிருக்கிறது. அந்தச் சோதனை 15 டிகிரி குளிர்ந்த தண்ணீரை வைத்துச் செய்வது. நம் தொட்டித் தண்ணீர் மார்கழி தவிர மற்ற மாதங்களில் 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். எனவே தண்ணீரைச் சுட வைக்கும் செலவில் மூன்றில் ஒரு பங்கு தானாகக் குறையும். 40 டிகிரியில் வைத்தால் ஹீட்டருக்குப் பத்து டிகிரி வேலைதான். ஆகக் கரண்ட் பில்லை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஒரு தடவைக்குப் பிடிக்கும் தண்ணீரும் அப்படித்தான், 7 கிலோவுக்கு 50 லிட்டர், 8 கிலோவுக்கு 58. மேலே மூடி திறக்கும் மெஷின்கள் குடிக்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால் இரண்டுமே சிக்கனம்.

போர் தண்ணீர் உப்பு என்பதால் அடிக்கடி 60 டிகிரி வைக்காதீர்கள், சூடு கூடக் கூட ஹீட்டரில் உப்புப் படிவதும் கூடும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் பெட்ஷீட், துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

வாரண்டியில் ஒரு எச்சரிக்கை. இரண்டிலும் "10 வருடம்" என்று தங்க நிறத்தில் ஸ்டிக்கர் இருக்கிறதே, அது மோட்டாருக்கு மட்டும். மோட்டார் சுலபத்தில் போவதில்லை. போவது சர்க்யூட் போர்டும் டிரெயின் பம்பும் கதவு ரப்பரும். போர்டும் பம்பும் "முழு மெஷின்" வாரண்டியில்தான் வரும், எனவே 2, 4 என்ற எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ரப்பர் அதில் சேருமா என்று கடையில் கேட்டு, சேரும் என்றால் பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள்.

இன்னும் இரண்டு வேலை பாக்கி. பின்கட்டில் இருப்பது மிக்ஸிக்குப் போட்ட சின்ன சாக்கெட், 6 ஆம்பியர். 8 கிலோ மெஷினின் ஹீட்டர் மட்டும் 2000 வாட், கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 7 கிலோவும் 1900 வாட், வேறு வழியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் சாக்கெட்டும், எர்த் இருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அப்புறம், மேலே சொன்ன 10 அடி நான் போன தடவை வந்தபோது கண்ணால் பார்த்த மதிப்பு. சித்தப்பாவிடம் டேப் கொடுத்து, தொட்டியின் அடிப்பக்கத்திலிருந்து மெஷின் குழாய் வரை நேர் உயரம் அளக்கச் சொல்லுங்கள், பணம் கட்டுவதற்கு முன்னால். 10 அடியோ கூடவோ வந்தால் 8 கிலோவை வாங்கிவிடலாம், தொட்டி நிறைந்திருக்கும்போது அழுத்தம் இன்னும் கொஞ்சம் கூடும். 8 அடி என்று வந்தால் எதை வாங்கினாலும் பம்ப் தேவைப்படும். அப்போது முதல் வரியின் வித்தியாசம் போய்விடும், 4,500 ரூபாய் கூடக் கொடுப்பது இரண்டு வருட வாரண்டிக்கும் மழைக்கால ஸ்பின்னுக்கும் மட்டும் என்று ஆகிவிடும். அந்த நிலையில் 7 கிலோவும் தப்பில்லை. அளவு தெரிந்ததும் போன் பண்ணுங்கள்.