தம்பியின் ஆட்கொணர்வு மனுவும் அரசாங்கத்தின் பதிலும்: வீட்டாருக்கு ஒரு சுருக்கம்

வணக்கம் அம்மா, அக்கா.

மனுவும் அரசாங்கத் தரப்பின் நான்கு சத்தியப் பிரமாண வாக்குமூலங்களும் மலாயில் இருக்கின்றன. இந்த வாரம் சுங்கை சிப்புட்டுக்கு வர முடியவில்லை, அதனால் எழுதி அனுப்புகிறேன். அக்கா, அம்மாவுக்கு மெதுவாகப் படித்துக் காட்டுங்கள்.

"என் பிள்ளை அதை விற்கவே இல்லை" என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள். இந்த மனுவில் நீதிபதி அதை விசாரிக்க மாட்டார். தம்பியைப் பிடித்து வைத்திருப்பது 1985ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சிறப்புத் தடுப்பு நடவடிக்கைச் சட்டத்தின் கீழ். போலீஸ் 60 நாள் வரை வைத்திருக்கலாம். அப்புறம் உள்துறை அமைச்சர் உத்தரவு போட்டால் இரண்டு வருடம் வரை. வழக்கு விசாரணை கிடையாது. சட்டம் சொன்ன நடைமுறையை ஒழுங்காகச் செய்தார்களா என்பதை மட்டுந்தான் நீதிமன்றம் பார்க்கும்.

அந்த நடைமுறையில் மூன்று குறைகள் இருப்பதாக நம் மனுவில் சொல்லியிருக்கிறோம். முக்கியமானது தேதி. உத்தரவை எதிர்த்து ஆலோசனை வாரியத்திடம் முறையிடத் தம்பிக்கு உரிமை உண்டு. முறையீடு கிடைத்து மூன்று மாதத்துக்குள் வாரியம் மாமன்னருக்குப் பரிந்துரை செய்ய வேண்டும். கூடுதல் அவகாசம் வேண்டுமென்றால் அதை மாமன்னர்தான் தர வேண்டும். இது கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 151ஆவது பிரிவு. தம்பி முறையீட்டுப் பாரத்தை சிம்பாங் ரெங்காம் தடுப்பு முகாமில் அதிகாரி கையில் கொடுத்தது 2025 பிப்ரவரி 24. பரிந்துரை வந்தது ஜூன் 4. நம் கணக்கில் பதினோரு நாள் தாமதம்.

அரசாங்கம் என்ன சொல்கிறது? பாரம் வாரியச் செயலாளரின் மேசைக்கு வந்தது மார்ச் 10, அங்கிருந்துதான் எண்ண வேண்டும், ஆகவே ஜூன் 10 வரை நேரம் இருந்தது என்கிறது. பதினான்கு நாள் அது எங்கே கிடந்தது என்று ஒரு வரிகூட இல்லை. அவகாசம் நீட்டித்த கடிதமும் இணைக்கப்படவில்லை. வழக்கறிஞர் இதைத்தான் பிடித்துப் பேசப் போகிறார்.

இரண்டாவது, பிடித்து வைத்த காரணங்களைத் தம்பிக்குத் தமிழில் விளக்கவில்லை என்பது. அதிகாரியோ, தம்பிக்கு மலாய் நன்றாகப் புரிந்தது, புரிந்ததாகக் கையெழுத்தும் போட்டார் என்கிறார். தம்பி லோரியில் வேலை செய்து மலாய் பேசியவர்தான், எனவே இது கொஞ்சம் பலவீனம். மூன்றாவது, 14 நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டுமென்றால் போலீஸ் மேலிடத்துக்குப் போக வேண்டிய அறிக்கை. அதன் நகலை அவர்கள் காட்டிவிட்டார்கள். அதை விட்டுவிடலாம்.

இந்த மனுவின் விசாரணை ஆகஸ்ட் 19, காலை 9 மணி, ஈப்போ உயர் நீதிமன்றம். தம்பியை அன்று பார்க்கலாம் என்று எண்ணி வராதீர்கள். மாமா தோட்டத்தில் கையெழுத்து வாங்கிய நற்சான்றுக் கடிதமும் இதற்கு வேண்டாம், வீட்டில் பத்திரமாக வையுங்கள். தோற்றால் மேல்முறையீடு நேராகக் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போகும். ஜெயித்தால் அரசாங்கமும் அங்கே போகலாம்.

அக்கா, பாரம் கொடுத்ததைப் பற்றி பிப்ரவரி கடைசியில் தம்பி எழுதிய கடிதம் உங்களிடம் இருக்கிறது அல்லவா? உறையோடு கொண்டு வாருங்கள். அஞ்சல் முத்திரைத் தேதி எனக்கு வேண்டும்.